வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம்: தலைப்பு, உடன்படிக்கை, ஒரே ஒரு வேண்டுகோள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சின்னக் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட், அதோடு கடிதம் எழுதி ரைப் பண்ணிக் கொடுப்பதும் உண்டு. செப்ரெம்பர் பிறந்தால் போதும், மாரிக்கு முதல் கூரையைத் திருத்தித் தரச் சொல்லி வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுத வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கொக்குவிலில் ஒரு ஓட்டு வீடு. சொந்தக்காரர் கனடாவில். அவருடைய தம்பி அற்றோணித் தத்துவத்தோடு இங்கே வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். இலக்கங்களும் திகதிகளும் விளக்கத்துக்காக நான் போட்டவை.

போனில் சொன்னால் போதாதா, கடிதம் எதற்கு?

முதலில் போனில்தான் சொல்ல வேண்டும். திடீரென்று பதிவுத் தபாலில் கடிதம் போனால் எந்த வீட்டுக்காரருக்கும் முகம் சுருங்கும். இரண்டு தரம் சொல்லியும் "பாப்பம், பாப்பம்" என்றே பதில் வந்தால் அப்புறம் கடிதம்.

எழுத உட்காரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இந்தக் கடிதத்தை வீட்டுக்காரர் மட்டும் வாசிக்கப் போவதில்லை. தம்பி அதைப் படமெடுத்துக் கனடாவுக்கு அனுப்புவார், அங்கே அண்ணி வாசிப்பா. விடயம் இழுபட்டால் ஒரு சட்டத்தரணியோ மத்தியஸ்த சபையில் இருப்பவரோ வாசிக்கக்கூடும். அவர்களில் ஒருவரும் உங்கள் கூரையைக் கண்டதில்லை. எந்த வீடு, எந்த எழுத்தின் கீழ், என்ன வேண்டும் என்ற மூன்றும் அவர்களுக்கு ஒரு நிமிடத்தில் விளங்க வேண்டும்.

தலைப்பில் "வாடகை வீடு சம்பந்தமாக" என்று போட்டால் சரிதானே?

சரியில்லை. வாடகை கூட்டச் சொல்லும் கடிதத்துக்கும் அதே தலைப்பைப் போடலாம், வீட்டை விட்டு எழும்பும் கடிதத்துக்கும் போடலாம். "சம்பந்தமாக", "தொடர்பாக" என்று முடியும் தலைப்புகள் பெரும்பாலும் என்ன வேண்டும் என்பதைச் சொல்லாமலே முடிந்துவிடும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, நடக்க வேண்டிய செயலைப் போட்டுப் பாருங்கள்: "கொக்குவில், இல. 14 வீட்டின் பின்கூரையைத் திருத்தித் தருதல்". எந்த வீடு, அதில் எந்தப் பகுதி, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் ஒரே வரிக்குள் வந்துவிட்டன.

"தாங்கமுடியாத ஒழுக்கு", "பலமுறை கூறியும் கவனிக்காமை" போன்றவற்றைத் தலைப்பில் ஏற்றாதீர்கள். தலைப்பு சண்டை பிடிக்கத் தொடங்கினால், அதற்குக் கீழே உள்ளதை அவர் கோபத்தோடுதான் வாசிப்பார்.

இடம் எது என்றும் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரியே "ஐயா" என்ற விளிப்புக்குக் கீழே, நடுவில், அடிக்கோடிட்டு எழுதினால் போதும். "விடயம்:" என்று முன்னால் போடுவது உங்கள் விருப்பம். இந்தியக் கடித மாதிரிகளைப் பார்த்து எழுதுகிறவர்கள் "பொருள்:" என்று போடுகிறார்கள். பிழையில்லை, ஆனால் இங்கே கண்ணுக்குப் பழக்கமில்லை.

உடன்படிக்கையைப் பற்றி எங்கே எழுதுவது? எவ்வளவு எழுதுவது?

இரண்டு இடத்தில். தலைப்புக்குக் கீழே ஒரு வரி, முதல் பந்தியில் ஒரு வசனம். அதற்கு மேல் தேவையில்லை.

தலைப்புக்குக் கீழ் வரும் வரி ஒரு அடையாளச் சீட்டு மாதிரி. எழுத்தின் திகதி, நொத்தாரிசு போட்ட இலக்கம், சம்பந்தப்பட்ட பந்தியின் இலக்கம் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். "15.01.2025 திகதிய 412ஆம் இலக்கக் குத்தகை உறுதி, பந்தி 7." இலக்கத்தை நினைவிலிருந்து சொல்லாதீர்கள். உறுதியை மேசையில் விரித்துவைத்துப் பார்த்து எழுதுங்கள். நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய திகதியும் குத்தகைக் காலம் தொடங்கும் திகதியும் பல உறுதிகளில் வேறு வேறாக இருக்கும். எங்கள் உதாரணத்தில் உறுதி எழுதியது ஜனவரி 15, குடிவந்தது பெப்ரவரி 1. உறுதியை அடையாளம் காட்டும்போது முதலாவது திகதி, "இன்ன நாளிலிருந்து இருக்கிறேன்" என்று சொல்லும்போது இரண்டாவது. இவை இடம் மாறிப் போன கடிதங்கள் பலவற்றை நான் திருத்தியிருக்கிறேன். மாறினால் வானம் இடிந்து விழாதுதான். ஆனால் "அப்படியொரு திகதியில் நாங்கள் உறுதி எழுதவில்லையே" என்று ஒருவர் ஆற அமரப் பதில் போட அது போதும்.

முதல் பந்தியில் வரும் வசனம் அந்தப் பந்தி என்ன சொல்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். முழுவதையும் பிரதி பண்ண வேண்டாம், சாரத்தை ஒரு வசனத்தில் சொன்னால் போதும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். உறுதியை வாசிக்காமலே "உடன்படிக்கையின்படி திருத்தம் தங்களது பொறுப்பாகும்" என்று எழுதிவிடுகிறார்கள். எடுத்துப் பார்த்தால் சின்னத் திருத்தம் குடியிருப்பவருக்கு, பெரிய திருத்தம் சொந்தக்காரருக்கு என்று பிரித்திருக்கும். அப்படியானால் உங்களுடையது ஏன் பெரிய திருத்தம் என்பதை அடுத்த பந்தியில் நீங்கள் காட்ட வேண்டி வரும். இரண்டு ஓடு விலகியிருப்பதும் சிலாகை உக்கியிருப்பதும் ஒன்றல்ல.

திருத்தத்தைப் பற்றி உறுதியில் ஒன்றுமே இல்லையா? அப்போது பந்தி இலக்கத்தை விட்டுவிட்டு உறுதியை மட்டும் குறிப்பிடுங்கள். இல்லாத பந்தியைச் சொல்லி எழுதினால் மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

எங்களிடம் நொத்தாரிசு உறுதி இல்லை. முத்திரை ஒட்டி இரண்டு பேரும் கையெழுத்து வைத்த தாள்தான் இருக்கு. அதைச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் "உறுதி" என்று சொல்லாதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசின் முன்னால், சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டினால் அந்தக் குறை தீர்ந்துவிடாது. இரண்டு வருடத்துக்கென்று எழுதிய அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருட உரிமை கோரப் போவதென்றால், முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

கூரை திருத்தக் கேட்கும் கடிதத்துக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. "15.01.2025 அன்று இருவரும் கைச்சாத்திட்ட எழுத்து உடன்படிக்கை" என்று, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நீங்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டீர்கள் என்பதை அது நினைவூட்டும், அது போதும்.

எழுத்தே இல்லை, வாய்ப்பேச்சுத்தான். அப்போ எதைக் குறிப்பிடுவது?

எழுத்து இல்லாவிட்டாலும் நடந்தவை இருக்கின்றனவே. எந்த மாதத்திலிருந்து இருக்கிறீர்கள், மாத வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, யாரிடம் கொடுத்தீர்கள் என்பதை எழுதுங்கள். வாடகையை வங்கிக் கணக்கில் போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அந்தச் சிட்டைகள்தான் இனி உங்கள் எழுத்து. கையில் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டும் வாங்காதவர் இந்த மாதத்திலிருந்தாவது வாங்கத் தொடங்கட்டும்.

உடன்படிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. கடிதத்தைத் தமிழில் எழுதலாமா?

தாராளமாக. பந்தி இலக்கத்தை அப்படியே போட்டுவிட்டு, அது சொல்வதை உங்கள் தமிழில் சொல்லுங்கள். மேற்கோள் குறி மட்டும் போடாதீர்கள். மேற்கோள் போட்டால் அது உறுதியின் வாசகம் என்றாகிவிடும், மொழிபெயர்ப்புச் சரியா பிழையா என்று ஒரு புது வழக்குத் தொடங்கும்.

யாருக்கு எழுதுவது, கனடாவில் இருக்கிற அண்ணனுக்கா, இங்கே இருக்கிற தம்பிக்கா?

உறுதியில் குத்தகை கொடுப்பவர் யார் என்று பாருங்கள். எங்கள் உதாரணத்தில் அண்ணனின் பெயர் இருக்கிறது, அவருக்காகத் தம்பி அற்றோணித் தத்துவக்காரராகக் கையெழுத்து வைத்திருக்கிறார். அப்படியென்றால் அண்ணனின் பெயருக்கு, தம்பி "ஊடாக", தம்பியின் முகவரிக்கு. தம்பிக்கு மட்டும் எழுதினால் "எனக்கு அதிகாரமில்லை, அண்ணையைக் கேளுங்கோ" என்பார். அண்ணனுக்கு மட்டும் எழுதினால் "அங்கே தம்பியிடம் கதையுங்கோ" என்பார். இந்த இரண்டு பதிலையும் ஒரே கிழமையில் வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

இங்கே இருப்பவர் அற்றோணித் தத்துவம் இல்லாமல் சும்மா வீட்டுத் திறப்பை வைத்திருக்கும் உறவினராக இருந்தால் கடிதத்தைச் சொந்தக்காரருக்கே எழுதி, ஒரு பிரதியை மட்டும் அவருக்குக் கொடுங்கள்.

வீட்டுக்காரர் எனக்கு மாமி முறை. "அம்மணி" என்று எழுதினால் கோபிப்பா. என்ன செய்வது?

"மதிப்புக்குரிய மாமி அவர்களுக்கு" என்று தொடங்குங்கள், யாரும் அடிக்க வரமாட்டார்கள். ஆனால் முகவரியில் உறுதியில் உள்ள முழுப்பெயர் இருக்க வேண்டும், உடலிலே "தாங்கள்" என்றே வரட்டும். "நீங்கள் சின்னனிலிருந்து என்னைப் பார்த்தவ" என்ற கதையெல்லாம் போனில். கடிதம் போட முதல் ஒரு அழைப்பு எடுத்து, "மாமி, அண்ணைக்குக் காட்ட ஒரு எழுத்து இருந்தால் நல்லம் என்று எழுதி விடுறன்" என்று சொன்னால் பாதிக் கோபம் அங்கேயே அடங்கிவிடும்.

கடைசியில் "தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிக்கலாம்தானே?

அந்த வசனத்தை ரைப் பண்ணிப் பண்ணி என் விரல்களுக்கே அது பாடம். அதனால்தான் சொல்கிறேன், போடாதீர்கள். "ஆவன" என்றால் என்ன? தம்பி வந்து கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவதும் ஆவனதான். "மேசனுக்குச் சொல்லியிருக்கு" என்பதும் ஆவனதான். நீங்கள் கேட்டது நடந்துவிட்டது என்று அவரும், நடக்கவில்லை என்று நீங்களும் சொல்வீர்கள். இரண்டு பேரும் சரிதான்.

வேண்டுகோளில் நான்கு விடயம் தெளிவாக இருக்க வேண்டும்: யார், எதை, என்ன செய்ய வேண்டும், எந்தத் திகதிக்குள். தமிழில் வினை கடைசியில் வருவது இங்கே ஒரு கண்ணி. "மழைக்காலம் நெருங்குவதாலும் பிள்ளைகள் இருப்பதாலும் பலமுறை தெரிவித்தும் பலனில்லாமல் போனதாலும்" என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே போனால், "திருத்தித் தருமாறு" வரும்போது வாசிக்கிறவர் களைத்துவிடுவார். காரணங்களை எல்லாம் முந்திய பந்தியிலேயே முடித்துவிடுங்கள். வேண்டுகோள் தனிப் பந்தி, ஒரே வசனம், ஒரே ஒரு "-மாறு".

திகதியிலும் கவனம். "அடுத்த கிழமைக்குள்" என்றால் எந்தக் கிழமை? "10ஆம் திகதிக்கு முன்" என்றால் 10ஆம் திகதி சேர்த்தியா இல்லையா? "10.10.2025 அல்லது அதற்கு முன்" என்று எழுதினால் சந்தேகமில்லை. அவகாசமும் நியாயமாக இருக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழைக்கு முதல் ஊர் முழுக்க ஓடு மாற்றுவதால் மேசன் கிடைப்பதே கஷ்டம். நான்கைந்து கிழமை கொடுத்தால் "நேரம் போதவில்லை" என்ற சாட்டு எடுபடாது.

தண்ணி மோட்டரும் பழுது, மதிலும் சரிந்திருக்கு. எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால் தபால் செலவு மிச்சம்தானே?

நானும் ஒருகாலம் இப்படித்தான் நினைத்தேன். முந்தி வாடகைக்கு இருந்த வீட்டில் கூரை ஒழுக்கு, மோட்டர், படலை என்று மூன்றையும் வரிசையாக இலக்கமிட்டு எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், மூன்றாம் நாளே ஆள் அனுப்பிப் படலைக்குப் புதுக் கொண்டி போட்டார். அதற்குப் பிறகு கூரையைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "உங்கட கடிதம் கிடைச்சவுடன வேலை செய்தனான்தானே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாரி முழுக்கக் குசினியில் வாளி வைத்தோம்.

மூன்று கேட்டால் மனிதர் லேசானதைத்தான் முதலில் செய்வார். ஆகவே அவசரமானதற்கு இன்று ஒரு கடிதம். மோட்டருக்குப் போனில் சொல்லுங்கள், சரிவராவிட்டால் அதற்கு வேறு கடிதம், வேறு தலைப்பு, வேறு பந்தி இலக்கம்.

முழுக் கடிதத்தையும் ஒருக்கால் காட்டுங்கோ.

> (உங்கள் பெயர்)
> இல. 14, (ஒழுங்கையின் பெயர்), கொக்குவில்.
> 08.09.2025
>
> (சொந்தக்காரரின் முழுப்பெயர்) அவர்கள்,
> அவரது அற்றோணித் தத்துவக்காரர் (முழுப்பெயர்) அவர்கள் ஊடாக,
> (முகவரி), யாழ்ப்பாணம்.
>
> மதிப்புக்குரிய ஐயா,
>
> கொக்குவில், இல. 14 வீட்டின் பின்கூரையைத் திருத்தித் தருதல்
> 15.01.2025 திகதிய 412ஆம் இலக்கக் குத்தகை உறுதி, பந்தி 7
>
> மேற்படி உறுதியின்படி 01.02.2025 முதல் இவ்வீட்டில் குடியிருந்து வருகிறேன். கூரையின் பெருந்திருத்தங்களைக் குத்தகை கொடுப்பவர் செய்ய வேண்டும் என உறுதியின் 7ஆம் பந்தி கூறுகிறது.
>
> கடந்த ஓகஸ்ட் 24ஆம் திகதி பெய்த மழையில் குசினியிலும் அதை ஒட்டிய அறையிலும் ஒழுக்கு ஏற்பட்டது. 27ஆம் திகதி மேசன் ஏறிப் பார்த்தபோது முப்பது ஓடுகள் வெடித்திருப்பதும் மூன்று சிலாகைகள் உக்கியிருப்பதும் தெரியவந்தது. மின் ஆளியுள்ள சுவர் நனைவதால் அவ்வறையை நாங்கள் பாவிப்பதில்லை. 28ஆம் திகதியும் செப்ரெம்பர் 3ஆம் திகதியும் தங்கள் அற்றோணித் தத்துவக்காரருக்குத் தொலைபேசியில் இதைத் தெரிவித்தேன்.
>
> ஆகவே, வெடித்த ஓடுகளையும் உக்கிய சிலாகைகளையும் மாற்றும் வேலையைத் தாங்கள் 10.10.2025 அல்லது அதற்கு முன் செய்து முடித்துத் தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இங்ஙனம்,
> உண்மையுள்ள,
> (கையொப்பம்)
> (உங்கள் பெயர்)
>
> இணைப்பு: படங்கள் 4, மேசனின் மதிப்பீடு 1

நடுப்பந்தியைக் கவனியுங்கள். "மோசமான நிலை", "சொல்லொணாத் துன்பம்" என்று ஒன்றும் இல்லை. திகதி, அறை, எண்ணிக்கை மட்டும்தான். முப்பது ஓடு, மூன்று சிலாகை என்பதை மேசனே சொன்னபடியால் அது சின்னத் திருத்தம் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. ஆளியுள்ள சுவர் நனைகிறது என்ற ஒரு வசனம் ஏன் அவசரம் என்பதையும் சொல்லிவிடுகிறது.

"திருத்தாவிட்டால் வாடகை தரமாட்டேன்" என்று ஒரு வரி சேர்க்கவா?

முதல் கடிதத்தில் வேண்டாம். அந்த வரி வந்தவுடன் கூரையை எல்லாரும் மறந்துவிடுவார்கள், கதை முழுக்க வாடகையைப் பற்றியதாகிவிடும். வாடகையை நிறுத்தினால் உடன்படிக்கையை மீறியவர் நீங்கள் என்று திருப்பியும் விடலாம். திருத்தச் செலவை நீங்களே போட்டு வாடகையில் கழிக்கிற யோசனை இருந்தால் அது வேறொரு வேண்டுகோள். அதற்கு அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும், சம்மதம் வர முதல் மேசனுக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

எப்படி அனுப்புவது? வட்ஸ்அப்பில் போட்டால் காணாதா?

இரண்டும் செய்யுங்கள். கையெழுத்து வைத்த தாளைப் பதிவுத் தபாலில் தம்பியின் முகவரிக்கு அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைப் பிரதியின் பின்பக்கம் குத்தி வையுங்கள். பிறகு அதே தாளைப் படமெடுத்துக் கனடாவுக்கு அனுப்புங்கள். கணினிக் கோப்பாக அனுப்புவதென்றால் ஒன்று கவனிக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடியுங்கள், அல்லது பீடிஎப் ஆக்கி அனுப்புங்கள்.

நேரே கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் இரண்டு பிரதி கொண்டுபோக வேண்டும். ஒன்றில் "கிடைத்தது" என்று எழுதித் திகதியும் கையெழுத்தும் வாங்குங்கள். கையெழுத்து வைக்கத் தயங்கினால் மல்லுக்கட்டாமல் திரும்பி வந்து தபாலில் போடுங்கள்.

10ஆம் திகதியும் போய்விட்டது, ஒரு அசுமாத்தமும் இல்லை. பிறகு?

இரண்டாவது கடிதம் முதலாவதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். அதே தலைப்பு, அதன் கீழே அதே உறுதி வரி, அதோடு "எனது 08.09.2025 திகதிய கடிதம்" என்று இன்னொரு வரி. கதையை மறுபடி சொல்ல வேண்டாம், முதல் கடிதத்தின் பிரதியை இணைத்தால் போதும். இதற்கிடையில் நிலைமை மோசமாகியிருந்தால், இன்ன திகதியில் இன்ன அறையும் ஒழுகியது என்று ஒரு வசனம். கடைசியில் அதே வேண்டுகோள், புதுத் திகதியோடு. வேண்டுகோளின் சொற்களை மாற்றாதீர்கள். முதல் கடிதத்தில் ஓடும் சிலாகையும், இரண்டாவதில் "முழுக் கூரையும்" என்று வந்தால், "ஒவ்வொரு தரமும் ஒவ்வொன்று கேட்கினம்" என்று சொல்ல அவருக்கு நீங்களே வழி திறந்துவிட்டவர்களாவீர்கள். மூன்றாவது கடிதம் தேவைப்பட்டால் அதை நான் ரைப் பண்ணுவதில்லை. இரண்டு பிரதியையும் தபால் பற்றுச்சீட்டுகளையும் ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்து, சட்டத்தரணியிடம் போகச் சொல்லிவிடுவேன்.